பில்லில் வரியை எந்த இடத்தில் ரவுண்ட் செய்வது? பைசா வித்தியாசம் வரும் வழிகள்

ஒரே பொருட்கள், ஒரே விலை, ஒரே வரி விகிதம். விற்றவரின் பில்லில் ரூ.892, வாங்கியவர் தன் கணினியில் போட்டுப் பார்த்தால் ரூ.891. இரண்டு கணக்கிலும் தவறில்லை. ஒருவர் ஒவ்வொரு பொருளுக்கும் வரி போட்டு, அதைப் பைசாவுக்கு ரவுண்ட் செய்து, பிறகு கூட்டியிருக்கிறார். மற்றவர் முதலில் எல்லாவற்றையும் கூட்டி, கடைசியில் ஒரே முறை வரி போட்டிருக்கிறார்.

மளிகை மொத்தக் கடை பில்லில் இது அடிக்கடி வரும். தேயிலை, சர்க்கரை, சமையல் எண்ணெய் ஆகியவை 5% ஜிஎஸ்டியில் இருக்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, பிஸ்கட்டும் அதே விகிதத்துக்கு வந்துவிட்டன. மாநிலத்துக்குள் விற்றால் அந்த 5%, சிஜிஎஸ்டி 2.5%, எஸ்ஜிஎஸ்டி 2.5% என இரண்டாகப் பிரியும். அந்த இரண்டரையில்தான் சிக்கல் இருக்கிறது.

வரிக்கு முந்தைய தொகை முழு ரூபாயாக இருந்து, அது ஒற்றைப்படை எண்ணாகவும் இருந்தால், அதன் 2.5% எப்போதும் அரைப் பைசாவில் முடியும். 65 ரூபாய்க்கு 1.625, 87 ரூபாய்க்கு 2.175. அரைப் பைசாவை மேலே ஏற்றுவதுதான் வழக்கம் என்பதால் 1.63, 2.18 ஆகிவிடும். இரட்டைப்படைத் தொகைக்கு இந்தத் தொல்லை இல்லை. 66 ரூபாய்க்குச் சரியாக 1.65. ஆகவே சில பொருளில் கூடும், சில பொருளில் குறையும், கடைசியில் சமனாகிவிடும் என்று இங்கே நம்ப முடியாது. முழு ரூபாய் விலைகளில் வித்தியாசம் எப்போதும் கூடும் பக்கமே போகும். 18% பொருட்களில் பாதி 9% என்பதால், முழு ரூபாய்த் தொகைக்கு வரி சரியாகப் பைசாவில் நின்றுவிடும். விலையிலேயே பைசா இருந்தால்தான் அங்கே ரவுண்டு செய்யும் வேலை வரும்.

ஐந்து பொருள் கொண்ட ஒரு பில்லைப் பார்ப்போம்.

| வரிக்கு முந்தைய தொகை | 2.5% | ரவுண்ட் செய்தபின் |
|---|---|---|
| 145 | 3.625 | 3.63 |
| 87 | 2.175 | 2.18 |
| 233 | 5.825 | 5.83 |
| 319 | 7.975 | 7.98 |
| 65 | 1.625 | 1.63 |
| மொத்தம் 849 | 21.225 | 21.25 |

பொருள்வாரியாகப் போட்டால் சிஜிஎஸ்டி 21.25, எஸ்ஜிஎஸ்டி 21.25, பில் தொகை 891.50. மொத்தத்தில் போட்டால் 21.225 என்பது 21.23 ஆகி, இரண்டுக்கும் சேர்த்து 42.46, பில் தொகை 891.46. வித்தியாசம் நான்கே பைசா. ஆனால் பில்லை முழு ரூபாயாக்கும்போது 891.50 மேலேறி 892 ஆகிறது, 891.46 இறங்கி 891 ஆகிறது.

பார்வைக்கு மட்டும் ரவுண்ட் செய்வது. எக்செலில் பில் போடுபவர்கள் அதிகம் விழும் குழி இது. செல்லை இரண்டு தசமத்துக்கு ஃபார்மேட் செய்தால் 3.63 என்று தெரியும், உள்ளே இருப்பது 3.625தான். மேலுள்ள பில்லை அப்படிப் போட்டால் ஐந்து வரித் தொகைகளும் அட்டவணையில் இருப்பது போலவே அச்சாகும், கூட்டுத்தொகை மட்டும் 21.23 என்று வரும். வாங்கியவர் கால்குலேட்டரில் கூட்டினால் 21.25. தாளில் இருக்கும் எண்கள் தாளிலேயே கூடிவராத பில்லை யாரும் நம்பமாட்டார்கள். ஒவ்வொரு செல்லிலும் `=ROUND(B2*2.5%,2)` என்று எழுதிவிட்டால், தெரியும் எண்ணும் கூட்டப்படும் எண்ணும் ஒன்றாகிவிடும்.

எந்த முறையைத் தேர்வது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் நேரே வரித் தொகையைக் காட்டினால், பொருள்வாரியாக ரவுண்ட் செய்து கூட்டுங்கள். மின் விலைப்பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் வரித் தொகை தனியாகக் கேட்கப்படுவதால் அங்கேயும் இதுவே பொருந்தும். பொருளுக்கு நேரே வரி காட்டாமல், அடியில் 5%க்கு இவ்வளவு, 18%க்கு இவ்வளவு என்று மட்டும் அச்சிட்டால், விகிதவாரியாகத் தொகையைக் கூட்டி ஒரு முறை வரி போடுங்கள். ஒரு கடையில் ஒரு முறைதான் இருக்க வேண்டும். பில்லில் ஒரு முறையும் கணக்குப் புத்தகத்தில் இன்னொரு முறையும் இருந்தால், மாதக் கடைசியில் ஒவ்வொரு பில்லிலும் இரண்டு பைசா, நான்கு பைசா என்று தேடிக்கொண்டிருக்க நேரிடும்.

5% வரியைப் போட்டுவிட்டுப் பாதியாக்குவது. 849க்கு 5% என்றால் 42.45. அதை இரண்டாக்கினால் 21.225. ஒன்றுக்கு 21.23, மற்றதற்கு 21.22 என்று சில மென்பொருட்கள் பங்கு போடுகின்றன. விகிதம் ஒன்றாக இருக்கும்போது சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் ஒரே தொகையாகத்தான் இருக்க வேண்டும். 2.5%ஐ ஒரு முறை கணக்கிட்டு, ரவுண்ட் செய்து, அதே எண்ணை இரண்டு இடத்திலும் போடுவதே சரி.

எம்ஆர்பியிலிருந்து பின்னோக்கிப் போகும்போது வரும் ஒரு பைசா. வரி சேர்த்து 25 ரூபாய் என்று அச்சிட்ட சோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 25ஐ 1.05ஆல் வகுத்தால் 23.8095, ரவுண்ட் செய்தால் 23.81. அதற்கு 2.5% வரி 0.60, இரண்டுக்கும் 1.20. கூட்டினால் 25.01. பில்லில் எம்ஆர்பியைத் தாண்டிவிட்டது. அது சட்டப்படி கூடாது. இங்கே வரிசையை மாற்ற வேண்டும். முதலில் வரியை 0.60 + 0.60 என்று முடிவுசெய்து, அதை 25லிருந்து கழித்து, மிஞ்சிய 23.80ஐ வரிக்கு முந்தைய தொகையாக எழுதுங்கள். 23.80க்கு 2.5% போட்டாலும் 0.60தான் வரும்.

நிரல் எழுதுபவர்கள் `round()`ஐ அப்படியே நம்புவது. எக்செலின் ROUND அரையை மேலே ஏற்றும். பைத்தானின் `round()` சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை இலக்கத்துக்குக் கொண்டுபோகும். `round(3.625, 2)` கொடுப்பது 3.62. `round(2.175, 2)` கொடுப்பதும் 2.17தான், ஆனால் காரணம் வேறு. 2.175ஐக் கணினி இரும எண்ணாக வைக்கும்போது அது மயிரிழை குறைவாகப் பதிவாகிறது. 5% வரியில் அரைப் பைசா இவ்வளவு அடிக்கடி வருவதால், இந்த இரண்டும் எப்போதோ நேரும் அபூர்வமல்ல.

```python
from decimal import Decimal, ROUND_HALF_UP
t = Decimal("145") * Decimal("0.025")
t.quantize(Decimal("0.01"), ROUND_HALF_UP)  # 3.63
```

முழு ரூபாயாக்கும் வித்தியாசத்தை வரிக்குள் நுழைப்பது. சிஜிஎஸ்டி சட்டம் 2017, பிரிவு 170 வரித் தொகையை அருகிலுள்ள ரூபாய்க்கு ரவுண்ட் செய்யச் சொல்கிறது: 50 பைசாவும் அதற்கு மேலும் ஒரு ரூபாய், அதற்குக் கீழ் விட்டுவிடலாம். இதை வைத்துப் பொருளுக்குப் பொருள் வரியை ரூபாயாக்கினால், மேலுள்ள பில்லில் 4, 2, 6, 8, 2 என்று 22 ஆகிவிடும். சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி ஒவ்வொன்றிலும் முக்கால் ரூபாய் அளவுக்குக் கூடுதல். பில் தொகையை 892 ஆக்கும் அந்த 50 பைசாவை, வரியெல்லாம் முடிந்தபின் ‘ரவுண்ட் ஆஃப்’ என்று தனியாக எழுதுங்கள். மின் விலைப்பட்டியலில் அதற்கென்றே `RndOffAmt` என்ற இடம் உண்டு.

சரக்குத் திரும்பி வந்தால் வரியைப் புதிதாகக் கணக்கிட வேண்டாம். 65 ரூபாய்ப் பொருள் திரும்பினால், மூலப் பில்லில் அதற்கு நேரே இருக்கும் 1.63ஐ அப்படியே திருப்ப வேண்டும்.

கைக்கு வந்த பில்லில் வித்தியாசம் இருந்தால், அது ரவுண்ட் செய்ததால் வந்ததா, உண்மையான பிழையா என்று கண்டுபிடிப்பது எளிது. பொருள்வாரி முறையில் ஒரு பொருளுக்கு அதிகபட்சம் அரைப் பைசாதான் நகரும். எனவே ஒரே விகிதப் பொருட்களைக் கூட்டி 2.5% போட்டு, ரவுண்ட் செய்யாமல், பில்லில் உள்ள சிஜிஎஸ்டியோடு ஒப்பிடுங்கள். ஐந்து பொருள் என்றால் இரண்டரைப் பைசா வரை, நாற்பது பொருள் என்றால் 20 பைசா வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் ரவுண்ட் செய்ததைக் காரணமாகச் சொல்ல முடியாது. ஏதோ ஒரு பொருளுக்கு விகிதம் மாறியிருக்கிறதா, தள்ளுபடியைக் கழிக்கும் முன்பே வரி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.