பள்ளி விழா மேடை பேனர்: கடைசி வரிசைக்கும் எழுத்து தெரிய

முதலில் பேனர் கட்டப்போகும் சட்டத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அது 20 அடி அகலம், 10 அடி உயரம் என்றால் விகிதம் 2:1. கணினியிலும் 24 அங்குலத்துக்கு 12 அங்குலப் பக்கத்தில்தான் வடிவமைக்க வேண்டும். 16:9 படத்தை இழுத்துப் பொருத்தினால் பள்ளியின் வட்டச் சின்னம் முட்டை வடிவமாகிவிடும்.

மேடையில் நிற்பவர்கள் கீழ் 6 அடியை மறைத்துவிடுவார்கள். அதனால் தலைப்பு ஆறரை அடிக்கு மேலேயே தொடங்கட்டும். மேல் விளிம்பில் அரை அடியைக் கட்டுவதற்கு விட்டால், எழுத 3 அடி கிடைக்கும்.

10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து என்பது நல்ல கணக்கு. கடைசி வரிசை 80 அடியில் இருந்தால் குறைந்தது 8 அங்குலம். இதை 'க'வின் உயரமாக அளக்க வேண்டும். 'கி', 'கூ' போன்றவை மேலும் கீழும் நீள்வதால் ஒவ்வொரு வரிக்கும் இரு மடங்கு இடம் தேவை. விழாப் பெயர் 10 அங்குலம், பள்ளிப் பெயர் 8 அங்குலம் என்றால் அந்த 3 அடி சரியாகப் போதும். மூன்றாவது வரியைத் திணிக்காதீர்கள்.

அச்சுக்கு அனுப்புமுன் படத்தைத் திரையில் 30 செ.மீ. அகலத்துக்கு வைத்து, 120 செ.மீ. தள்ளி நின்று படியுங்கள். கடைசி வரிசையில் இருப்பவருக்கு அதே அளவில்தான் தெரியும்.