70 லட்சம் ஃப்ளாட்டுக்குக் கையில் எவ்வளவு வேண்டும்? மொத்தச் செலவுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் 1,100 சதுர அடி, இரண்டு படுக்கையறை, மறுவிற்பனை ஃப்ளாட். பேசி முடித்த விலை 70 லட்சம். வங்கி 80% கடன் தரும் என்பதால், 14 லட்சம் கையில் இருந்தால் வாங்கிவிடலாம் என்றுதான் பெரும்பாலோர் கணக்குப் போடுகிறார்கள். அதே வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறும் நாளில் கைக்காசு ஏறத்தாழ 29 லட்சம் செலவாகியிருக்கும். இடையில் இருக்கும் 15 லட்சம் எங்கே ஒளிந்திருந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் தவறு: மேல்செலவுக்கும் சேர்த்து வங்கி கடன் தரும் என்று நம்புவது

ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டுக் கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை என்றால் வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 80% தரலாம். 75 லட்சத்தைத் தாண்டினால் 75% தான். அந்த மதிப்பில் முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் சேர்க்கக் கூடாது. வீட்டின் விலை 10 லட்சத்துக்குள் இருந்தால் மட்டும் விலக்கு உண்டு. ஆகவே விலைக்கு மேல் வரும் பதிவுச் செலவு முழுவதும் உங்கள் கைக்காசு. தரகும் மரவேலையும் அப்படியே.

இன்னொன்று. வங்கி பார்ப்பது நீங்கள் பேசிய விலையை மட்டும் அல்ல. அதன் மதிப்பீட்டாளர் 66 லட்சம் என்று எழுதினால் கடன் 56 லட்சம் அல்ல, 52.80 லட்சம். 3.20 லட்சம் உடனே உங்கள் தலையில் ஏறும். எனவே பெரிய தொகையை அட்வான்ஸாகக் கொடுக்கும் முன்பே மதிப்பீட்டை முடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால், கடன் குறைந்தால் அட்வான்ஸ் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: 9% சரி, எதில் 9%?

தமிழ்நாட்டில் மறுவிற்பனைக் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்து, 2023 ஏப்ரலில், இடத்துக்கு இடம் அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை உயர்த்தியபோது 2% ஆனது. பழைய 11 சதவீதத்தையும் இன்றைய வழிகாட்டி மதிப்பையும் கலந்து கணக்குப் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பேசிய விலை, வழிகாட்டி மதிப்பின்படி வரும் தொகை, இரண்டில் எது அதிகமோ அதில்தான் இந்த 9%. நம் ஃப்ளாட்டுக்கு 70 லட்சமே அதிகம் என்றால் 4.90 லட்சமும் 1.40 லட்சமும் சேர்ந்து 6.30 லட்சம். வழிகாட்டி மதிப்பில் 74.80 லட்சம் வந்தால் கட்ட வேண்டியது 6,73,200. அதாவது 43,200 கூடுதல். விலை பேசும் முன்பே tnreginet.gov.in தளத்தில் தெருவாரியாக மதிப்பைப் பார்த்துவிடலாம். அரசு மதிப்பு விலையைவிட 10 சதவீதத்துக்கும் மேல் அதிகமாக இருந்தால் அந்த வித்தியாசம் வாங்குபவரின் வருமானமாகக் கருதப்பட்டு வருமான வரியும் வரும். அப்படி ஒரு வீடு மலிவாகக் கிடைத்தது என்று சந்தோஷப்படும் முன் அந்த வரியையும் கூட்டிப் பாருங்கள்.

பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி 9 சதவீதத்தை மிச்சப்படுத்தலாம் என்ற யோசனை இந்தக் கட்டத்தில்தான் வரும். சட்ட விரோதம் என்பதோடு, கணக்காகவும் அது நஷ்டம்தான். பத்திரத்தில் 60 லட்சம் என்று போட்டால் வங்கி அதில்தான் 80% தரும். பதிவில் 90,000 மிச்சம். கடனில் 8 லட்சம் குறைவு. பின்னாளில் வீட்டை விற்கும்போது உங்கள் கொள்முதல் விலையும் 60 லட்சமாகவே நிற்கும், அந்த 10 லட்சத்துக்கும் மூலதன ஆதாய வரி கட்டுவீர்கள்.

பெண்கள் பெயரில் பதிந்தால் 1% குறையும் என்பதும் பாதி உண்மை. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள அந்தச் சலுகை 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்குத்தான். நம் 70 லட்சத்துக்கு ஒரு ரூபாய்கூடக் குறையாது.

புது ஃப்ளாட்டின் கணக்கு வேறு

கட்டுநரிடம் முதல் விற்பனையாக வாங்கும் ஃப்ளாட்டுக்கு 2023 டிசம்பர் முதல் நிலத்தின் பிரிபடாத பாகத்தையும் கட்டடத்தையும் சேர்த்த கூட்டு மதிப்பில் தீர்வை. 50 லட்சம் வரை 4%, 3 கோடி வரை 5%, அதற்கு மேல் 7%. பதிவுக் கட்டணம் 2% தனி. 70 லட்சத்துக்கு இரண்டும் சேர்த்து 7%, அதாவது 4.90 லட்சம். மறுவிற்பனை ஃப்ளாட்டைவிட 1.40 லட்சம் குறைவு என்று தோன்றும். ஆனால் கட்டிக்கொண்டிருக்கும்போது வாங்கினால் 5% ஜிஎஸ்டி, 3.50 லட்சம், மேலே வரும். ஆக மொத்தம் 8.40 லட்சம். பணி நிறைவுச் சான்று வந்த பிறகு விற்கப்படும் ஃப்ளாட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை.

கட்டுநர் சொல்லும் சதுர அடி விலைக்கு வெளியே கார் நிறுத்துமிடம், மின் மற்றும் குடிநீர் இணைப்பு, கார்ப்பஸ் நிதி, பராமரிப்பு முன்பணம் எல்லாம் இருக்கும். சதுர அடிக்கு மாதம் 4 ரூபாய் வீதம் 24 மாதப் பராமரிப்பை முன்கூட்டி வாங்கினால் 1,100 சதுர அடிக்கு 1,05,600. எல்லாத் தலைப்பும் கொண்ட ஒரே விலைப்பட்டியலை எழுத்தில் வாங்காமல் இரண்டு கட்டுநர்களை ஒப்பிடாதீர்கள்.

மூன்றாவது: தரகு, டிடிஎஸ், கடன் பத்திரம்

தரகு 1% என்றால் 70,000. தரகர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால் 18% சேர்ந்து 82,600. வரி உள்ளேயா வெளியேயா, இரு தரப்பிலும் வாங்குகிறாரா, அட்வான்ஸில் பாதியா அல்லது பதிவு நாளில் முழுதுமா என்பதை வீட்டைப் பார்க்கப் போகும்போதே பேசிவிட வேண்டும். கிரயம் முடியும் நாளில் பேசினால் 1% என்பது 2 சதவீதமாகிவிடும்.

50 லட்சமோ அதற்கு மேலோ விலை என்றால் 1% டிடிஎஸ் பிடிக்க வேண்டும். இந்த 70,000 மேல்செலவு அல்ல. விற்பவருக்குக் கொடுக்கும் 70 லட்சத்திலிருந்து கழித்து, அவர் பெயரில் வருமான வரித் துறைக்கு நீங்கள் கட்டுவது. பணம் கொடுத்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும். இதைச் செலவாகக் கூட்டுவது சின்னத் தவறு. பெரிய தவறு, பிடிக்காமல் முழுத் தொகையையும் விற்பவரிடம் கொடுத்துவிடுவது. பிறகு அதை வட்டியோடு உங்கள் கையிலிருந்தே கட்ட நேரிடும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 1% செல்லாது, பிடித்தம் பல மடங்கு அதிகம். ஆடிட்டரைக் கேட்காமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்க வேண்டாம்.

கடன் வாங்குபவர்கள் மறப்பது மூலப் பத்திரத்தை வங்கியில் வைப்பதற்கான ஒப்படைப்பு ஆவணம். அதற்கும் தீர்வை உண்டு. கடனில் 0.5%, உச்சவரம்பு 30,000. பதிவுக் கட்டணம் 1%, உச்சவரம்பு 6,000. 56 லட்சத்துக்கு 28,000 + 6,000 = 34,000. வங்கியின் செயலாக்கக் கட்டணம், சட்டக் கருத்து, மதிப்பீட்டுக்கு 25,000 வைத்துக்கொள்வோம். உங்கள் சொந்த வழக்கறிஞர், பத்திர எழுத்தர், வில்லங்கச் சான்றுக்கு இன்னொரு 25,000. வங்கி வழக்கறிஞர் பார்த்தாரே என்று இதை மிச்சம் பிடிக்க வேண்டாம். அவர் பார்ப்பது வங்கியின் பாதுகாப்பை.

சொத்து வரி, மின் இணைப்பு, சங்கம் ஆகியவற்றில் பெயர் மாற்றத்துக்கு 20,000. பதிவுக்கு முன் சங்கத்திடமிருந்து நிலுவை இல்லைச் சான்று கேளுங்கள். பழைய பராமரிப்பு பாக்கியைச் சங்கம் புதியவரிடம்தான் கேட்கும்.

நான்காவது: உள்வேலைக்குச் சதுர அடி விலையைத் தவறாகப் படிப்பது

கணக்கு அதிகம் நழுவுவது இங்கேதான். வார்ட்ரோப்புக்குச் சதுர அடி 1,500 என்றால் அது தரையின் அளவு அல்ல, முன்முகத்தின் அகலம் பெருக்கல் உயரம். 7 அடிக்கு 7 அடி அலமாரி 49 சதுர அடி. மேலே 2 அடி லாஃப்ட் 14. இரண்டும் 63. இரண்டு அறைக்கு 126, ஆக 1,89,000. லாஃப்ட்டை விட்டுவிட்டு 49 மட்டும் காட்டிய கொட்டேஷன் மலிவாகத் தெரியும், வேலை நடக்கும்போதுதான் அது சேரும்.

சமையலறையும் அப்படித்தான். 10 அடியும் 7 அடியுமாக எல் வடிவ மேடை 17 அடி. கீழ்ப்பெட்டி 2¾ அடி, மேல்பெட்டி 2 அடி உயரம் என்றால் சுமார் 81 சதுர அடி. 1,600 வீதம் 1,29,600. டிராயர் சேனல், மூலைத் தட்டு, சிங்க், புகைபோக்கி, அடுப்பு இதில் பெரும்பாலும் அடங்காது, அவற்றுக்கு 60,000. கொட்டேஷனில் பிளைவுட்டின் ரகம், தடிமன், உள்பக்க லேமினேட், கீலின் பிராண்ட் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஈரம் படும் இடத்துக்கு பிடபிள்யூபி ரகப் பிளை என்று எழுதாவிட்டால் சிங்க்கின் கீழ்த் தட்டு சில மழைக்காலங்களில் உப்பிவிடும், செலவும் இரண்டாவது முறை வரும்.

பெயின்ட் அடிக்கும் பரப்பு, கூரையோடு சேர்த்து, தரைப்பரப்பைப் போல் மூன்று மடங்குக்கு மேல். 1,100 சதுர அடியில் சுவரும் பொது இடமும் போக 750 சதுர அடி உள்பரப்பு என்றால் ஏறத்தாழ 2,400. பட்டியுடன் 25 ரூபாய் வீதம் 60,000. பழைய வீட்டில் வயரிங், குழாய், குளியலறை, கொசுவலை, விளக்கு, மின்விசிறிக்கு 1,20,000. கூட்டினால் 5,58,600. சுவரைத் திறந்தால்தான் தெரியும் வேலைகளுக்கு 10% ஒதுக்கினால் 6,14,460. இவை உள்ளூர் ஆசாரி கணக்கு. நிறுவனத்திடம் கொடுத்தால் 18% ஜிஎஸ்டி தனியா என்று கேட்க வேண்டும்.

மரவேலை முடிய இரண்டு மாதம் ஆகும். அதுவரை மாதத் தவணையும் ஓடும், இப்போதைய வீட்டு வாடகையும் ஓடும். 22,000 வாடகை என்றால் 44,000 இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

கூட்டிப் பார்த்தால்

விலை 70,00,000
முத்திரைத் தீர்வை, பதிவு 6,30,000
தரகு, வரியுடன் 82,600
வழக்கறிஞர், பத்திர எழுத்தர் 25,000
வங்கிச் செலவு, ஒப்படைப்பு ஆவணம் 59,000
பெயர் மாற்றம் 20,000
உள்வேலை 6,14,460
இரண்டு மாத வாடகை 44,000
மொத்தம் 84,75,060

இதில் கடன் 56 லட்சம் போக, கைக்காசு 28,75,060. உள்வேலையின் ரேட்டும் சில்லறைச் செலவுகளும் நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் கொட்டேஷனைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். சதவீதங்களைப் பதிவுக்கு முந்தைய வாரம் மறுபடி சரிபாருங்கள்.

இந்தத் தொகை ஒரே நாளில் வேண்டாம். அட்வான்ஸ் முதலில், பதிவு நாளில் உங்கள் பங்கின் மீதியும் தீர்வையும் தரகும், அதன்பின் உள்வேலை. பதிவு வாரத்துக்கு மட்டும் அட்வான்ஸையும் சேர்த்து 22 லட்சத்துக்குச் சற்று மேல் தயாராக இருக்க வேண்டும். வைப்பு நிதியையோ நகையையோ நம்பியிருந்தால் இரண்டு வாரம் முன்பே பணமாக்கி வங்கிக் கணக்கில் வைத்துவிடுங்கள். தரகு உட்பட எல்லாவற்றையும் கணக்கு வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். விற்கும் காலத்தில் தீர்வை, பதிவு, தரகு மூன்றையும் கொள்முதல் விலையோடு சேர்த்துக் காட்டலாம். ரொக்கமாகக் கொடுத்த தரகுக்கு அப்போது ஆதாரம் இருக்காது.