விடைபெறும் உரையில் நாங்கள் வெட்டிய வரிகள்

திருகோணமலை உவர்மலையில் ஒரு வீட்டு மேல்மாடியில் எங்கள் கம்பனி நடக்கிறது. ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். மீன் மொத்த வியாபாரிகளுக்கு பில் போடும் செயலியைச் செய்கிறோம். என்னோடு சேர்ந்து இதைத் தொடங்கிய நண்பர் விலகும்போது, எல்லோர் முன்னும் வாசிக்கப்போகும் உரையை எனக்கு முதலில் அனுப்பினார். நல்ல மனதோடு எழுதியது. ஆனாலும் பாதியை வெட்டினோம்.

பெரிய தவறு, "எப்ப வேண்டுமென்றாலும் எனக்கு கோல் எடுங்கள்" என்ற வரி. கேட்க இதமாக இருக்கும். ஆனால் அடுத்த வாரம் நான் ஒருவருக்கு லீவு மறுத்தால் அவர் நண்பரிடம் கேட்பார். நண்பர் அன்பாக ஏதாவது சொல்லிவிடுவார். அப்புறம் கம்பனிக்கு இரண்டு முதலாளி. அதற்குப் பதிலாக இப்படி எழுதினோம்: "இந்த மாதம் முடியும்வரை செவ்வாய் பின்னேரங்களில் வருவேன். பழைய கோட் பற்றி அப்போது கேளுங்கள். விலை, லீவு, புது ஆள் எடுப்பது எல்லாம் இனி அவரிடம்." அந்த "அவர்" நான்தான்.

விலகும் காரணத்துக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தார். காரணம் நீள நீள, கேட்பவர்கள் யாரில் பிழை என்று தேடுவார்கள். "வீட்டில் அம்மாவோடு இருக்கவேண்டிய காலம் இது. கம்பனியைத் தொடங்கிய இருவரும் ஆறு மாதம் கதைத்து எடுத்த முடிவு." இது போதும். யாராவது பிறகு கேட்டால் நானும் இதையேதான் சொல்லவேண்டும்.

"எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டேன்" என்ற வரியை வாசித்தபோது சந்தேகம் வந்தது. சரிபார்த்தோம். டொமைன் அவருடைய சொந்த மின்னஞ்சலில் இருந்தது. பிளே ஸ்டோர் கணக்கின் உறுதிக் குறியீடு அவர் போனுக்கு வந்தது. வங்கிக் காசோலைக்கும் அவர் கையெழுத்துத்தான். அதை மாற்றப் பணிப்பாளர் சபைத் தீர்மானம் வேண்டும். கம்பனிப் பதிவாளருக்கும் பணிப்பாளர் மாற்றத்தை அறிவிக்கவேண்டும். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் மனதில் ஓடுவது, இந்த மாதச் சம்பளத்தில் யார் கையெழுத்து வைப்பார் என்பதுதான். ஆகவே திங்கட்கிழமை உரையை வெள்ளிக்குத் தள்ளி, வேலையை முடித்தபிறகே அந்த வரியை உரையில் வைத்தோம்.

"அனைவருக்கும் நன்றி" என்பதையும் எடுத்தோம். ஆளுக்கு ஒரு வரி எழுதினார். நவம்பர் மழையில் கரண்ட் போன இரவு, மீன் சந்தைக்கே போய் வியாபாரியின் போனில் பில்லைச் சரிசெய்து கொடுத்த தங்கச்சிக்கு அந்த இரவைச் சொன்னார். சிங்களம் பேசும் இரண்டு தம்பிமாருக்கு நன்றியைச் சிங்களத்தில் சொன்னார். ஆளுக்கு ஆள் சொல்லத் தொடங்கினால் ஒருவரையும் விடக்கூடாது. ஒன்பது வரிக்கு இரண்டு நிமிடம்தான் எடுக்கும்.

கடைசியில் வானளாவ வளர்வீர்கள் என்று இருந்தது. அதற்குப் பதில், "மார்ச்சுக்குள் கிண்ணியா வியாபாரிகள் கையில் இந்தச் செயலி இருக்கவேண்டும். முதல் பில்லின் படத்தை எனக்கு அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு, மேல்மாடிச் சாவியை என் மேசையில் வைத்தார்.