எரிச்சல் இல்லையென்றால் கிருமியும் இல்லையா? கர்ப்பகால சிறுநீர்ப் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கர்ப்பிணிகளில் நூற்றுக்கு இரண்டு முதல் பத்துப் பேருக்குச் சிறுநீரில் கிருமி இருந்தும் எரிச்சல், கடுப்பு, காய்ச்சல் என்று எதுவுமே இருக்காது. சாதாரண நாட்களில் இப்படி அறிகுறியில்லாத கிருமிக்குப் பெரும்பாலும் மருந்தே தேவையில்லை. கர்ப்பத்தில் அப்படி விட முடியாது. புரோஜெஸ்ட்ரான் ஹார்மோனால் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்துவிடுகின்றன. வளரும் கர்ப்பப்பையும் அவற்றை அழுத்துகிறது, குறிப்பாக வலது பக்கத்தில். சிறுநீர் தேங்குவதால் சிறுநீர்ப்பையில் கிடந்த கிருமி எளிதாகச் சிறுநீரகம் வரை ஏறிவிடும். மருந்து கொடுக்காமல் விட்டால் நான்கில் ஒருவருக்காவது சிறுநீரகத் தொற்று வரும் என்று பழைய ஆய்வுகள் காட்டின. பின்னால் வந்த ஒரு டச்சு ஆய்வில், ஆபத்து குறைந்த பெண்களிடம் அது நூற்றுக்கு இரண்டு, மூன்று பேர்தான். ஆனால் வந்துவிட்டால் குளிர்காய்ச்சல், வாந்தி, ஆஸ்பத்திரி அட்மிஷன் என்று போகும். அந்த அழற்சியே கர்ப்பப்பையைச் சுருங்கவைத்துக் குறைப்பிரசவத்துக்கும் வழிவிடலாம்.

அடிக்கடி நடக்கும் தவறு, “யூரின் டெஸ்ட்தான் எடுத்தாச்சே” என்று நினைப்பது. ஒவ்வொரு செக்கப்பிலும் பட்டையை நனைத்துப் பார்ப்பது பெரும்பாலும் ஆல்புமினும் சர்க்கரையும்தான். சீழ் அணுக்களான பஸ் செல்லை எண்ணும் ரொட்டீன் பரிசோதனையிலும் இந்தக் கிருமி தப்பிவிடும், ஏனென்றால் கிருமி நிறைய இருந்தும் பஸ் செல் இயல்பாக இருக்கலாம். சந்தேகமில்லாமல் சொல்வது, சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ஒன்றே. அதை முதல் செக்கப்பிலோ 12 முதல் 16 வாரத்துக்குள்ளோ எடுக்க வேண்டும். மருத்துவர் எழுதவில்லை என்றால் நீங்களே கேளுங்கள், அதில் தயக்கமே வேண்டாம்.

அடுத்தது, மாதிரி பிடிக்கும் விதம். முன்னிருந்து பின்னாகத் தண்ணீரால் கழுவி, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை லேப் தரும் கிருமிநீக்கிய டப்பாவில் பிடிக்க வேண்டும். வீட்டு பாட்டில் கூடாது. டப்பாவின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. இதைவிட அதிகம் கெடுப்பது தாமதம். தோலிலிருந்து கலந்த கிருமி ஒரு மில்லிக்கு ஆயிரம்தான் என்று வையுங்கள். அரைமணிக்கு ஒருமுறை இரட்டித்தால்கூட மூன்றரை மணி நேரத்தில் அது 1,28,000 ஆகிவிடும். தொற்று என்று சொல்லும் எல்லையோ மில்லிக்கு ஒரு லட்சம். ஆக, இல்லாத தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிட நேரும். இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் கொடுங்கள். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். ரிப்போர்ட்டில் பலவகைக் கிருமிகள் கலந்து வளர்ந்ததாக இருந்தால், பெரும்பாலும் மாதிரி சரியில்லை என்று பொருள். மருந்தைத் தொடங்காமல் திரும்பவும் எடுப்பதே நல்லது.

சரி, 14 வாரக் கர்ப்பிணி ஒருவரின் ரிப்போர்ட் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: பஸ் செல் 2–4, ஈ.கோலை கிருமி ஒரு லட்சத்துக்கு மேல், நைட்ரோஃபியூரன்டோயின் மருந்துக்குக் கட்டுப்படும். மருத்துவர் 100 மில்லிகிராம் மாத்திரையைக் காலையும் இரவும் ஏழு நாள் எழுதுகிறார். வீட்டில் மாமியார், “எரிச்சலே இல்லையே, எதுக்கும்மா இந்த நேரத்துல மாத்திரை?” என்கிறார். அவர் கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் வலி வரட்டும் என்று காத்திருந்தால், அந்த வலி நேராகச் சிறுநீரகத்திலேயே தொடங்கலாம். மூன்றாம் நாளே நிறுத்துவதும் தவறு, ஏனென்றால் கிருமி மிஞ்சி மறுபடி பெருகும். அறிகுறி எதுவும் இல்லாததால் அது போய்விட்டதா என்று உடம்பை வைத்துச் சொல்லவே முடியாது. அதனால் மாத்திரை முடிந்து ஓரிரு வாரம் கழித்து மறு கல்ச்சர் எடுக்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

பழைய சீட்டைக் காட்டியோ அக்காவுக்குக் கேட்டது என்றோ மெடிக்கலில் மருந்து வாங்காதீர்கள். நைட்ரோஃபியூரன்டோயினே பிரசவம் நெருங்கும்போது ஆகாது, இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதி குறைவாக உள்ளவர்களுக்கும் ஆகாது. டிரைமெத்தோபிரிம் முதல் மூன்று மாதங்களில் ஃபோலிக் ஆசிட்டின் வேலையைத் தடுக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் வகையைக் கர்ப்பத்தில் பொதுவாகத் தவிர்ப்பார்கள். செஃபலெக்சின், அமாக்சிசிலின் போன்றவை பாதுகாப்பானவை என்றாலும், உங்கள் கிருமி அவற்றுக்குக் கட்டுப்படுமா என்பதைக் கல்ச்சர்தான் சொல்ல வேண்டும்.

மருந்தால் சிறுநீரகத் தொற்று குறைகிறது என்பதற்குச் சான்றுகள் வலுவாக இருக்கின்றன. குறைப்பிரசவமும் எடை குறைந்த பிறப்பும் குறைவதாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டினாலும், அந்தச் சான்று அவ்வளவு உறுதியானதல்ல. குறைப்பிரசவத்துக்கு வேறு காரணங்களும் உண்டு.

ரிப்போர்ட்டில் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி இருந்தால், எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். பிரசவ வலி எடுக்கும்போது குழந்தைக்குத் தொற்றாமல் இருக்க ஊசி வழியாக ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள். அப்போது டியூட்டியில் இருப்பவர் வேறு மருத்துவராக இருக்கலாம், நீங்கள்தான் அந்தத் தாளைக் காட்ட வேண்டும். இடையில் எப்போதாவது குளிர்நடுக்கத்தோடு காய்ச்சலும் விலாப்பக்க வலியும் வந்தால், பாராசிட்டமால் போட்டுக் காலை வரை பார்க்காமல் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.