ஒரு மொழியின் எண்முறையைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒன்று முதல் இருபது வரை எழுதி வைத்துக்கொண்டு "இது பத்தடிமான மொழி", அதாவது பத்துப் பத்தாக அடுக்கி எண்ணும் மொழி, என்று முடிவுகட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. இருபதுக்குள் எந்த மொழியும் தன் குணத்தை முழுதாகக் காட்டாது. சரியான எண்களைக் கேட்டால், இருபது சொச்சம் சொற்களிலேயே பதில் கிடைத்துவிடும்.

படி 1: கேட்க வேண்டிய எண்கள்

1 முதல் 10 வரை, பிறகு 20, 30, 40, 50, 60, 70, 80, 90, 100, 400. இவற்றோடு 75, 95 போன்ற ஓரிரண்டு கலவை எண்கள். முழுப் பத்துகளை மட்டும் கேட்டால், ஒன்றும் பத்தும் எந்த வரிசையில் சேர்கின்றன என்பது தெரியாமல் போகும்.

படி 2: 40-ஐயும் 50-ஐயும் பக்கத்தில் வையுங்கள்

40-இல் நான்கும் 50-இல் ஐந்தும் ஒளிந்திருந்தால் அடிமானம் பெரும்பாலும் பத்து. 60-இல் மூன்றும் 80-இல் நான்கும் தெரிந்து, 70 என்பது 'அறுபதும் பத்தும்' என்று வந்தால் அடிமானம் இருபது.

பாஸ்க் மொழி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இருபது 'ஓகெய்', மூன்று 'இரு', அறுபது 'இருரோகெய்'. 75-ஐ அறுபதும் பதினைந்தும் என்றே சொல்வார்கள். நாற்பது 'பெர்ரோகெய்', ஆனால் இரண்டு 'பி'. இங்கே முன்பகுதி பொருந்தவில்லை, பின்பகுதி பொருந்துகிறது. ஒரு சொல் முரண்டு பிடிப்பதால் முறையையே சந்தேகிக்காதீர்கள். அதைத் தனியே குறித்துவிட்டு மேலே போங்கள்.

படி 3: 100-ஐயும் 400-ஐயும் சோதியுங்கள்

பாஸ்கில் நூறுக்குத் தனிச்சொல் உண்டு. ஆகவே இருபதின் ஆட்சி நூறோடு நின்றுவிடுகிறது; இது கலப்பு முறை. பழைய நஹுவாட்டில் மொழியிலோ நூறு என்பது 'ஐந்து இருபது'. தனிச்சொல் கிடைப்பது 400-க்கு, அதாவது இருபது இருபதுக்கு. முழு இருபதடிமானம் என்றால் இதுதான்.

பிரெஞ்சில் கலப்பு நூறுக்குள்ளேயே நடக்கிறது. 60 வரை பத்தின் கணக்கு, 70 அறுபது-பத்து, 80 நான்கு-இருபது, 90 நான்கு-இருபது-பத்து. பெல்ஜியத்தில் 70-க்கும் 90-க்கும் தனிச்சொற்கள் வழங்குகின்றன. எனவே எந்த ஊர்ப் பேச்சு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: சுருங்கிய சொல்லைப் பிரியுங்கள்

டேனிஷ் மொழியில் ஐம்பது `halvtreds`. ஐந்தும் இல்லை, பத்தும் இல்லை. தலைசுற்றும்தான். பழைய முழு வடிவம் `halvtredsindstyve`. இதில் `halvtred` என்பது 'மூன்றாவது பாதி', அதாவது இரண்டு முழுசும் மூன்றாவதில் பாதியும்: இரண்டரை. `sinds` 'மடங்கு', `tyve` இருபது. இரண்டரை இருபது ஐம்பது. `halvfjerds` மூன்றரை இருபது, எழுபது. `halvfems` நாலரை இருபது, தொண்ணூறு. 95-ஐ `femoghalvfems` என்பார்கள்: முதலில் ஐந்து, பிறகு தொண்ணூறு.

இருபது என்ற சொல்லே மறைந்துவிட்டதால், சுருங்கிய வடிவத்தை மட்டும் பார்ப்பவருக்கு அடிமானம் பிடிபடாது. இப்படிச் சிக்கினால் வரிசை எண்ணைக் கேளுங்கள். 'ஐம்பதாவது' `halvtredsindstyvende`, விழுந்த வால் அங்கே அப்படியே இருக்கிறது.

படி 5: விதிமீறலையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்

தமிழையே எடுத்துக்கொள்ளலாம். இருபது, முப்பது முதல் எண்பது வரை '-பது' என்றால் பத்து. ஐந்நூறில் நூறு நூறுதான். ஒன்பதும் தொண்ணூறும் தொள்ளாயிரமும் மட்டும் ஒரு படி மேலே ஏறி நிற்கின்றன. பெருக்கலாக எண்ணி முன்பகுதியின் மதிப்பைக் கண்டுபிடியுங்கள்:

```
x × 10   = 9
x × 100  = 90
x × 1000 = 900
```

மூன்றிலும் x = 0.9. மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை என்பது இதிலிருந்து தெரிகிறது. இது தனித்தனிப் பிழைகளின் குவியல் இல்லை. ஆனால் x-க்குத் 'பத்தில் ஒன்பது பங்கு' என்ற பொருள் இருந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. கணக்கு அமைப்பைக் காட்டும், சொற்பிறப்பைக் காட்டாது. 9000-க்கு வந்ததும் 'ஒன்பதாயிரம்' என்று விதி திரும்பிவிடுகிறது.

அடுத்து உறவு மொழிகளைப் பாருங்கள். மலையாளம் தமிழைப் போலவே 90-இல் நூறையும் 900-இல் ஆயிரத்தையும் வைக்கிறது. கன்னடத்தில் 90 'தொம்பத்து', 900 'ஒம்பைநூறு'; இரண்டும் தமக்குரிய படியிலேயே நிற்கின்றன.