அப்சிடியன், ப்யூமிஸ் பத்தி திரும்பத் திரும்ப வர்ற தப்புங்க

அப்சிடியன்ங்கற கருப்பு எரிமலைக் கண்ணாடி எப்படி உண்டாகுது? லாவா தண்ணில விழுந்து சட்டுனு ஆறினா, இதான் எங்க கேட்டாலும் வர்ற பதில். மைன்கிராஃப்ட் ஆடற பசங்க சத்தியமே பண்ணுவாங்க, ஏன்னா கேம்ல லாவா மேல தண்ணி பட்டா அதான் கிடைக்குது. நிஜத்துல அப்படி இல்லங்க.

சிலி நாட்டுல கோர்டோன் கவுயே எரிமலை 2011 ஜூன்ல வெடிச்சு முதல்ல சாம்பலும், ப்யூமிஸ்ங்கற ஓட்டை ஓட்டையான லேசான கல்லுமா கொட்டுச்சு, அப்புறம் அதே வாய்லேருந்து அப்சிடியன் லாவா மெதுவா வழிய ஆரம்பிச்சது. பல மாடி உயரத்துக்குத் தடிமனான லாவா, மேல ஆறின கல்லு மூடிக்கிட்டதால உள்ள சூடு லேசுல போகல, 2012ல வாய் அடங்கின பிறகும் 2013 ஜனவரில அது இன்னும் நகந்துட்டு இருந்துச்சு. இவ்ளோ நிதானமா ஆறியும் கண்ணாடிதான். காரணம் சிலிகா, அதுல சுமார் 70 சதவீதம். அவ்ளோ சிலிகா இருந்தா குழம்பு பயங்கர பிசுக்கு, அணுக்கள் நகந்து வரிசையா நின்னு படிகமாக முடியாம அப்படியே இறுகிடும். ஹவாய் மாதிரி இடத்துல வர்ற பசால்ட் லாவால சிலிகா சுமார் 50 சதவீதம்தான், தண்ணியா ஓடும், அது கண்ணாடியாகத்தான் சட்டுனு ஆறணும், அப்பக்கூட கடலுக்கடியில மேல்தோல் மட்டும் கண்ணாடியாகும், உள்ளுக்குள்ள படிகம்தான்.

அடுத்தது, ப்யூமிஸ்ல இருக்கற ஓட்டையெல்லாம் வெளிக்காத்து புகுந்ததுன்னு நினைக்கறது. அது மாக்மாவுலயே, அதாவது தரைக்கடியில இருக்கற குழம்புலயே, கரைஞ்சிருந்த தண்ணி. பல கிலோமீட்டர் ஆழத்துல எடையில 4, 5 சதவீதம்கூட கரைஞ்சிருக்கும், தரைக்கு வந்து அழுத்தம் போயிட்டா 0.1 சதவீதம் மாதிரிதான் தங்கும், மிச்சமெல்லாம் நீராவி. மாக்மா வேகமா ஏறினா பிசுக்குக்குள்ள மாட்டின நீராவி ஊதி ஊதி குழம்பையே கிழிச்சுடும், அது ப்யூமிஸ். நிதானமா ஏறினா விரிசல் வழியா நீராவி கழண்டுடும், மிச்சம் அப்சிடியன். அதனால ரெண்டும் வேற வேற மாக்மான்னு எழுதறதும் தப்பு, கோர்டோன் கவுயேல லாவா வழியறப்பவே அதே வாய் சாம்பலையும் பீச்சிட்டு இருந்துச்சு.

ப்யூமிஸ் வெளிறி இருக்கறதால அது கண்ணாடி இல்லன்னும் சொல்றாங்க. லென்ஸ் வச்சுப் பாருங்க, குமிழிச் சுவர் எல்லாம் மெல்லிசு கண்ணாடி.

மிதந்தா ப்யூமிஸ், முழுகினா அதே மாதிரி ஓட்டை இருக்கற ஆனா கனமான ஸ்கோரியாங்கற எரிமலைக் கல்லுன்னு பாக்கற டெஸ்ட் ஓகே, ஆனா கல்லு காஞ்சிருக்கணும், ரொம்ப நாள் தண்ணில ஊறின ப்யூமிஸும் முழுகிடும். கடையில குதிகால் தேய்க்க வாங்கற கல்லை வச்சு டெஸ்ட் பண்ணாதீங்க, சிலது ஃபேக்டரில செஞ்ச நுரைக் கண்ணாடி.

மாடித்தோட்டத்துக்கு வாங்கற வெள்ளை பெர்லைட்டை ப்யூமிஸ்னு நினைக்கறவங்களும் உண்டு. எரிமலைக் கண்ணாடி ரொம்ப காலத்துக்கு மெல்ல மெல்ல தண்ணிய உறிஞ்சி உண்டான கல்லு அது, பொடிச்சு சூளையில சுமார் 900 டிகிரிக்கு சூடாக்கினா உள்ள இருக்கற தண்ணி ஆவியாகி பல மடங்கு பொரிஞ்சுடும், எரிமலை விட்ட வேலைய சூளை செய்யுது.