ஃபர்னிச்சருக்கு ‘ஸ்’ கிடையாது: சித்தூர்ப் பக்கத்திலிருந்து இங்கிலாந்து வருபவர்களுக்கு

நகரி, புத்தூர், குப்பம் என்று எல்லை ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே வீடு பிடிக்கும் முறையை நாலு வரியில் சொல்லிவிடலாம். ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழ் என்றால், ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்கக் கூடாது. வாங்கிய டெபாசிட்டை 30 நாளுக்குள் அரசு ஒப்புக்கொண்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட வேண்டும். சாவி தரும்போது இன்வென்டரி என்ற பொருள் பட்டியலும் வரும். கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து, குறை இருந்தால் அன்றைக்கே மெயில் போடுங்கள்.

வழுக்குகிற இடம் அந்த மெயில்தான். நம்மவர்கள் எழுதுவது அநேகமாக இப்படி இருக்கும்:

“தி ஃபர்னிச்சர்ஸ் ஆர் ஓல்ட். தேர் ஆர் ஸம் டேமேஜஸ் இன் தி சோஃபா. டூ எக்விப்மென்ட்ஸ் ஆர் நாட் வொர்க்கிங். ப்ளீஸ் கிவ் மீ ஸம் அட்வைஸஸ்.”

நாலு வாக்கியம், நாலிலும் தப்பு. ஊரில் கடைப் பலகையிலேயே ‘ஃபர்னிச்சர்ஸ்’ என்று ஆளுயரத்துக்கு எழுதியிருப்பதால் கண்ணுக்குத் தப்பாகவே படாது.

நாற்காலியை எண்ணலாமே, ஃபர்னிச்சரை ஏன் எண்ணக் கூடாது என்பது நியாயமான கேள்வி. எண்ண முடிவதும் முடியாததும் பொருளில் இல்லை, அந்தந்த மொழி அந்தச் சொல்லை எப்படி வைத்திருக்கிறது என்பதில் இருக்கிறது. இரண்டு மொழி புழங்குகிற எல்லைக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. தமிழில் ‘பால் இருக்கு’ என்று ஒருமையில் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுத் தெலுங்குக்காரரிடம் ‘பாலு உன்னாயி’ என்று பன்மையில் சொல்கிறோம். தண்ணீரும் அப்படித்தான், தெலுங்கில் ‘நீள்ளு’ பன்மை. பால் அதே பால். ‘நாலு நாற்காலி’ என்றால் தமிழில் போதும், ‘கள்’ வேண்டியதில்லை. தெலுங்கில் ‘நாலுகு குர்ச்சீலு’ என்று ‘லு’ சேர்த்தே ஆக வேண்டும். இங்கிலீஷ் இந்த இரண்டுக்கும் கட்டுப்படாத மூன்றாவது வீடு.

அந்த வீட்டில் ‘சேர்’, ‘டேபிள்’ எல்லாம் உருப்படியின் பெயர். ‘ஃபர்னிச்சர்’ உருப்படியின் பெயர் அல்ல, மொத்தத்தின் பெயர். பிரெஞ்சிலிருந்து வந்த சொல் அது. வேண்டியதைக் கொடுத்து நிரப்புவது என்ற செயலைக் குறித்து, பிறகு அப்படி நிரப்பிய சாமான் மொத்தத்துக்கும் ஆயிற்று. ‘லக்கேஜ்’ இழுத்துச் சுமக்கிறது எல்லாம், ‘எக்விப்மென்ட்’ ஒரு வேலைக்குத் தேவையான தளவாடம் எல்லாம். ஏற்கெனவே மொத்தமாக இருப்பதை மறுபடி பன்மையாக்க அதில் இடம் இல்லை. ‘அட்வைஸ்’, ‘இன்ஃபர்மேஷன்’ இரண்டிலும் நம்மைக் கவிழ்ப்பது தமிழேதான். அறிவுரைகள், தகவல்கள் என்று நாம் தாராளமாக எழுதுகிறோம், அந்தக் ‘கள்’ அப்படியே ‘ஸ்’ ஆகிப் போய் ஒட்டிக்கொள்கிறது.

எண்ணவே வழி இல்லையா என்றால், இருக்கிறது. தண்ணீரைக் குடத்தால் எண்ணுகிறோம், கீரையைக் கட்டால் எண்ணுகிறோம், சலவைக்குப் போடும்போது ‘பத்து உருப்படி’ என்கிறோம். இங்கிலீஷில் அந்த உருப்படிக்குப் பெயர் ‘பீஸ்’, கொஞ்சம் ஆபீஸ் பாஷையில் ‘ஐட்டம்’. ‘டூ பீஸஸ் ஆஃப் லக்கேஜ்’, ‘த்ரீ ஐட்டம்ஸ் ஆஃப் ஃபர்னிச்சர்’, ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’. ‘ஸ்’ குடத்தின் மேல் ஏறும், தண்ணீரின் மேல் ஏறாது. இதைவிட நல்ல வழி, மொத்தப் பெயரை விட்டுவிட்டு உருப்படியின் பெயரையே சொல்வது. ‘டூ எக்விப்மென்ட்ஸ்’ என்றால் எந்த இரண்டு என்று ஏஜென்டுக்கு எப்படித் தெரியும்? ‘தி ஃப்ரிட்ஜ் அண்ட் தி வாஷிங் மெஷின்’ என்று எழுதினால் இலக்கணமும் தீரும், வழக்கும் தீரும்.

வெறும் ‘ஸ்’ஸை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் அடுத்த அடியில் சறுக்குவார்கள். ‘தி ஃபர்னிச்சர் ஆர் ஓல்ட், தே ஆர் பிரோக்கன்’ என்று எழுதுவார்கள். பெயர் ஒருமையானால் பின்னால் வருவதும் ஒருமையாக வேண்டும்: ‘ஆர்’ போய் ‘இஸ்’, ‘தே’ போய் ‘இட்’, ‘தீஸ்’ போய் ‘திஸ்’, ‘மெனி’ போய் ‘மச்’. முன்னால் ‘எ’, ‘ஆன்’ கூடாது. ‘ஆன் அட்வைஸ்’ என்று ஒன்று இல்லை, ‘ஸம் அட்வைஸ்’தான். அனுப்புமுன் ‘ஃபர்னிச்சர்’ இருக்கிற வாக்கியத்தைக் கடைசி வரைக்கும் ஒருமுறை படியுங்கள். தப்பு பெரும்பாலும் பெயரில் இருக்காது, ஐந்தாறு சொல் தள்ளி வினைச்சொல்லில் ஒளிந்திருக்கும்.

மற்றதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற தப்பு. ‘டேமேஜஸ்’ மட்டும் அப்படி இல்லை. ‘டேமேஜ்’ என்றால் சேதம், எண்ண முடியாத சொல். ‘ஸ்’ சேர்ந்தால் அது வேறு சொல்: சட்டத்தில் ‘டேமேஜஸ்’ என்பது நஷ்டஈடு, அதாவது பணம். வாடகை ஒப்பந்தத்தில் ‘டேமேஜஸ்’ என்று கண்ணில் பட்டால் சோஃபாக் கிழிசலை நினைக்காதீர்கள், பர்ஸை நினையுங்கள். சுவரில் கறை இருப்பது எனக்குத் தெரியும் என்ற அர்த்தத்தில் ‘ஐ அக்ஸெப்ட் தி டேமேஜஸ்’ என்று எழுதினால், நஷ்டஈடு தரச் சம்மதம் என்றும் அதைப் படிக்கலாம். வீட்டைக் காலி செய்யும்போது டெபாசிட் தகராறு வந்தால், எடுத்துக் காட்டப்படுவது இந்த மெயில்தான். சேதம் ரெண்டு இடத்தில் இருந்தாலும் ‘டேமேஜ்’ ஒன்றுதான், இடத்தை எண்ணுங்கள்: ‘டேமேஜ் இன் டூ பிளேஸஸ்’. கூடவே, நீங்கள் வருமுன்னே இருந்தது என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

மேலே காட்டிய மெயில் திருத்தியபின் இப்படி இருக்கும்:

“தி ஃபர்னிச்சர் இஸ் ஓல்ட். தேர் வாஸ் டேமேஜ் டு தி சோஃபா இன் டூ பிளேஸஸ் வென் ஐ மூவ்டு இன். தி ஃப்ரிட்ஜ் அண்ட் தி வாஷிங் மெஷின் ஆர் நாட் வொர்க்கிங். ப்ளீஸ் அட்வைஸ்.”

மூன்றாவது வாக்கியத்தில் ‘ஆர்’ சரி, அங்கே இருப்பவை இரண்டு உருப்படி. கடைசியில் இருக்கிற ‘அட்வைஸ்’ வினைச்சொல், எழுத்திலும் மாறும். பெயர்ச்சொல்லில் ‘சி’ எழுத்து, உச்சரிப்பில் ‘ஸ்’. வினைச்சொல்லில் ‘எஸ்’ எழுத்து, உச்சரிப்பு பல்லில் அதிர்கிற ஸகரம், ‘பிஸி’யில் வருவது போல.

விதிவிலக்கு காட்டி யாராவது சண்டைக்கு வருவார்கள். வங்கி, வணிகக் காகிதங்களில் ‘பேமென்ட் அட்வைஸஸ்’ என்று பார்க்கலாம். அங்கே ‘அட்வைஸ்’ என்பது அறிவிப்புச் சீட்டு, சீட்டை எண்ணலாம். காப்பிக் கடையில் ‘டூ காஃபீஸ்’ சரிதான், இரண்டு கோப்பை என்று அர்த்தம். ‘வொர்க்’கும் இப்படித்தான்: ‘ஐ காட் எ வொர்க்’ என்று ஊருக்குப் போன் செய்து சொல்லலாம், இங்கே சொல்லக் கூடாது, ‘எ ஜாப்’ என்க. ‘வொர்க்ஸ்’ என்றால் தொழிற்சாலை அல்லது கலைப் படைப்புகள். அமெரிக்கா போன சொந்தக்காரர் ‘அக்காமடேஷன்ஸ்’ என்று எழுதினால் அங்கே அது சரி, இங்கிலாந்தில் தங்குமிடத்துக்கு ‘ஸ்’ இல்லாத ‘அக்காமடேஷன்’தான் வழக்கம். ‘நியூஸ்’ இதற்கெல்லாம் நேர் எதிர், ‘ஸ்’ ஒட்டிக்கொண்டே பிறந்த ஒருமை: ‘தி நியூஸ் இஸ் குட்’.